ஒரே புள்ளி, நான்கு வழிகள்

மேசையின்மேல் நான்கு துணிகள் விரிக்கப்பட்டிருக்கின்றன. நான்கும் அடர்நீல நிறத் துணிகள். நான்கிலும் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், ஒரே துணியை நான்காக வெட்டி வைத்ததுபோலத் தோன்றும்.

உண்மையில் அவை நான்கும் நான்கு வெவ்வேறு முறைகளில் உருவானவை. முதல் துணியில் நூலால் முடிச்சுப் போட்டுப் புள்ளி உண்டாக்கினார்கள். இரண்டாவது துணியில் உருக்கிய மெழுகால் புள்ளி வைத்தார்கள். மூன்றாவதில் செதுக்கிய மரக்கட்டையால் அச்சிட்டார்கள். நான்காவது துணியின் புள்ளியோ, துணி நெய்யப்படுவதற்கு முன்பே நூலில் இருந்தது! இவற்றை முறையே முடிச்சுச் சாயத் துணி, பாத்தேக், கட்டை அச்சுத் துணி, இக்காட் என்று அழைக்கிறோம்.

கடைகளில் இந்தப் பெயர்கள் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. இயந்திரத்தில் அச்சடித்த துணியைக்கூடச் சிலர் "கையால் செய்தது" என்று கூறி அதிக விலைக்கு விற்கிறார்கள். பெயர்ச்சீட்டு தவறாக இருக்கலாம். ஆனால், அந்த ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது பிறந்த கதையைத் துணியே சொல்லிவிடும். அதை எப்படிப் படிப்பது என்று காண்போம்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

வெள்ளைத் துணியை நீலச் சாயத்தில் முக்கினால், துணி முழுவதும் நீலமாகிவிடும். அதில் ஒரு புள்ளி மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டுமானால், அந்த இடத்திற்குச் சாயம் போகாமல் தடுக்க வேண்டும். அல்லது அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மட்டும் சாயத்தைப் பூச வேண்டும். ஆகவே, ஒரு துணியைக் கையில் எடுத்ததும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் புள்ளியில் சாயம் ஏறாமல் இருந்ததற்குக் காரணம் என்ன?

நூல் கட்டித் தடுத்தால் ஒருவகை அடையாளம் இருக்கும். மெழுகு தடுத்தால் வேறொரு வகை அடையாளம் இருக்கும். புள்ளியின் ஓரத்திலும் துணியின் பின்பக்கத்திலும் அந்த அடையாளங்களைக் காணலாம். இனி, நான்கு துணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் துணி: முடிச்சு இட்ட புள்ளி

தமிழ்நாட்டின் மதுரையில் தயாராகும் சுங்குடிச் சேலையைச் சிலர் உங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கலாம். மதுரையில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சௌராஷ்டிர சமூகத்தினர் இக்கலையில் பெயர் பெற்றவர்கள். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் இதேபோன்ற துணியைப் 'பாந்தனி' என்று அழைக்கிறார்கள். கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் முன்பு செய்யப்பட்ட 'காயின் பெலாங்கி' என்ற பட்டுத் துணியும் இந்த முறையில் உருவானதே. 'பெலாங்கி' என்றால் வானவில் என்று உங்களுக்குத் தெரியும்.

செய்முறை எளிமையானது, ஆனால், அதிகப் பொறுமை வேண்டும். புள்ளி வர வேண்டிய இடத்தில் துணியை விரல் நுனியால் சிறிது கிள்ளி உயர்த்துவார்கள். அந்தச் சிறு நுனியின் அடிப்பகுதியை நூலால் பலமுறை இறுக்கிச் சுற்றுவார்கள். ஒரு சேலையில் இப்படிப் பல ஆயிரம் முடிச்சுகள் இடவேண்டியிருக்கும். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். நூல் இறுக்கிப் பிடித்த இடத்திற்குள் சாயம் நுழைய முடியாது. துணி உலர்ந்ததும் முடிச்சுகளை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

இப்போது அந்தப் புள்ளியை உற்றுப் பாருங்கள். அது முழு வட்டமாக இருக்காது. துணியைக் கிள்ளி மடித்துக் கட்டியதால், அது சற்றுச் சதுரமாகவோ ஒழுங்கற்ற வளையமாகவோ இருக்கும். பல புள்ளிகளின் நடுவில் ஒரு சிறு நீலப் பொட்டும் தெரியும். அது எப்படி வந்தது? நூல் சுற்றியது கிள்ளிய பகுதியின் அடியில்தான். அதன் உச்சி நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த உச்சியில் சாயம் பட்டுவிட்டது. எனவே, வெள்ளை வளையம் நூல் இருந்த இடத்தையும், நடுவிலுள்ள பொட்டு நூலுக்கு வெளியே இருந்த நுனியையும் காட்டுகின்றன.

இன்னோர் அடையாளமும் உண்டு. முடிச்சு இருந்த இடத்தில் துணி சுருங்கிச் சிறு மேடாக எழுந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அது விரலுக்குத் தெரியும். அதனால்தான் பாந்தனி விற்பவர்கள் சிலர் துணியை இழுத்து விரிக்காமல் சுருக்கத்தோடே விற்கிறார்கள். அந்தச் சுருக்கமே அவர்களுடைய உழைப்புக்குச் சான்று. ஆனால், இஸ்திரி போட்ட பிறகு இந்தச் சான்று மறைந்துவிடும். ஆகவே, சுருக்கம் இல்லை என்பதால் மட்டும் ஒரு துணியைப் போலி என்று முடிவு செய்யக்கூடாது. புள்ளிகளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். கையால் கட்டிய ஆயிரம் முடிச்சுகளில் ஒன்றைப்போல இன்னொன்று இருப்பதில்லை.

மதுரையில் இன்று சுங்குடி என்ற பெயரில் விற்கப்படும் சேலைகள் எல்லாமே முடிச்சு இட்டவை அல்ல. மெழுகை அச்சுக்கட்டையால் ஒற்றியும் சாயத்தை நேரடியாக அச்சிட்டும் பல சேலைகள் தயாராகின்றன. அவற்றில் புள்ளிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கும். பெயர் சுங்குடிதான், ஆனால், புள்ளி பிறந்த முறை வேறு.

இரண்டாவது துணி: மெழுகு வைத்த புள்ளி

பாத்தேக் நமக்கு மிகவும் பழக்கமானது. மலேசியாவில் கிளந்தானும் திரெங்கானுவும் இதற்குப் பெயர் பெற்ற மாநிலங்கள். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இக்கலை மிக நுட்பமாக வளர்ந்தது. 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு இந்தோனேசியப் பாத்தேக்கை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

கையால் வரையும் பாத்தேக்கில் 'சந்திங்' என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒரு பிடியின் முனையில் பொருத்தப்பட்ட சிறிய செம்புக் கிண்ணம். கிண்ணத்தில் மெல்லிய மூக்கு ஒன்று இருக்கும். தேன்மெழுகு, பாரபின் மெழுகு, குங்கிலியம் முதலியவற்றைக் கலந்து உருக்கி, அக்கிண்ணத்தில் முகந்து, மூக்கின் வழியே ஒழுகும் மெழுகால் துணியில் வரைவார்கள்.

இங்கே மெழுகின் சூடு மிக முக்கியம். சூடு குறைந்தால் மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலேயே உறைந்துவிடும். சாயம் அதன் அடியில் புகுந்துவிடும். சூடு மிகுந்தால் மெழுகு பரவி, கோடு பருமனாகிவிடும். சரியான சூட்டில் மெழுகு துணியை ஊடுருவி மறுபக்கம் வரை செல்லும். பிறகு துணிக்குச் சாயம் ஏற்றுவார்கள். கொதிக்கும் சாயத்தில் முக்கினால் மெழுகு உருகிவிடும் என்பதால், சூடில்லாத சாயத்தையே பயன்படுத்துவார்கள்.

மலேசியக் கைவண்ணப் பாத்தேக்கில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். மெழுகுக் கோடுகளை வரைந்தபின், அக்கோடுகளுக்கு இடையே தூரிகையால் வண்ணம் தீட்டுகிறார்கள். மெழுகுக் கோடு வரப்புபோல நின்று, ஒரு வண்ணம் அடுத்த வண்ணத்தோடு கலக்காமல் காக்கிறது. பிறகு, வண்ணம் நிலைத்து நிற்க சோடியம் சிலிக்கேட் கரைசலைப் பூசிப் பல மணி நேரம் விட்டுவைக்கிறார்கள். அதைக் கழுவிய பின்னர்ச் சலவைச் சோடா கலந்த கொதிநீரில் துணியைப் போட்டால் மெழுகு உருகி நீங்கிவிடும். மெழுகு இருந்த இடங்கள் வெள்ளைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் வெளிப்படும்.

இந்தப் புள்ளியை எப்படி அறிவது? முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகும் சாயமும் துணியை ஊடுருவிச் சென்றிருப்பதால், முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒரே தெளிவுடன் இருக்கும். எது முன், எது பின் என்று சொல்வதே கடினம்.

அடுத்து, புள்ளியின் ஓரத்தைப் பாருங்கள். திரவமாக விழுந்து உறைந்த மெழுகு என்பதால் அது உருண்டையாக, வழுவழுப்பான ஓரத்துடன் இருக்கும். சந்திங் துணியைத் தொட்ட தொடக்கத்தில் மெழுகு சற்று அதிகமாக இறங்குவதால், சில கோடுகளின் முனை தடித்திருக்கும். எங்கேனும் மெழுகுக் கோட்டில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்திருந்தால், அதன் வழியே வண்ணம் பக்கத்துப் பகுதிக்குக் கசிந்திருக்கும். வரைந்தவருக்கு அது சிறு பிழை. வாங்குபவருக்கு அது நல்ல அடையாளம்.

பலரும் நம்பும் மற்றோர் அடையாளம் வெடிப்புக் கோடு. உறைந்த மெழுகு மடங்கும்போது கண்ணாடிபோல விரிசல் விடும். சாயம் அந்த விரிசலுக்குள் புகுந்து, வெள்ளைப் பகுதியின் மேல் மெல்லிய நீல நரம்புகளை உண்டாக்கும். இது உண்மைதான். ஆனால், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி கசங்குவதில்லை. அதனால் அதில் வெடிப்பு மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருக்கலாம். மறுபுறம், இயந்திர அச்சுக்காரர்கள் வெடிப்புக் கோடுகளையும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். எனவே, வெடிப்பு இருக்கிறது என்பதும் இல்லை என்பதும் தனித்து நின்று எதையும் மெய்ப்பிக்காது.

மூன்றாவது துணி: மரக்கட்டை விட்டுச் சென்ற புள்ளி

ராஜஸ்தானின் ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சாங்கானேர், பக்ரு ஆகிய ஊர்களும், ஆந்திரக் கடற்கரையிலுள்ள மசூலிப்பட்டினமும் கட்டை அச்சுக்குப் பெயர் பெற்றவை. இந்தியாவின் சோழமண்டலக் கரையிலிருந்து வண்ணத் துணிகள் கப்பலேறி நம் வட்டாரத்திற்கு வந்து, வாசனைப் பொருள்களுக்கு மாற்றாக விற்கப்பட்ட காலமும் உண்டு. அந்த வணிகத்தில் மலாக்கா ஒரு முக்கியத் துறைமுகமாக இருந்தது.

தேக்கு போன்ற உறுதியான மரத்தில் வடிவத்தைச் செதுக்குவார்கள். புதிய கட்டையைப் பல நாள் எண்ணெயில் ஊறவைப்பார்கள். அப்போதுதான் அது எளிதில் விரிசல் விடாது. அச்சிடுபவர் கட்டையைச் சாயத் தட்டில் ஒற்றி எடுப்பார். மெத்தென்ற விரிப்பு போட்ட நீண்ட மேசையில் துணியைப் பரப்பி, கட்டையை அதன்மேல் வைத்துக் கையால் ஓங்கித் தட்டுவார். பிறகு கட்டையை எடுத்து அடுத்த இடத்தில் வைப்பார். ஒவ்வொரு நிறத்திற்கும் தனிக் கட்டை வேண்டும்.

மற்ற முறைகளிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்று கவனியுங்கள். முடிச்சும் மெழுகும் சாயத்தைத் தடுக்கின்றன. மரக்கட்டையோ சாயத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. நீலத் துணியில் வெள்ளைப் புள்ளி வேண்டுமானால், கட்டையில் புள்ளிகளை மட்டும் குழியாக்கிவிட்டு, சுற்றியுள்ள பகுதியை உயரமாக விடுவார்கள். உயரமான பகுதி நீலத்தை அச்சிடும். குழியான இடத்தில் சாயம் படாததால் அது வெள்ளையாகவே இருக்கும்.

சாயம் மேலிருந்து வைக்கப்பட்டது என்பதால் துணியின் முன்பக்கம் அழுத்தமாகவும் பின்பக்கம் வெளிறியும் இருக்கும். இதுவே முதல் அடையாளம். அடுத்து, கட்டையின் எல்லையைத் தேடுங்கள். ஒரு கட்டையின் அகலம் ஒரு சாண் அளவே இருக்கும். ஒரு தட்டலும் அடுத்த தட்டலும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடோ, இரண்டு அச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று பட்டதால் உண்டான அடர்ந்த கோடோ தெரியும். கட்டையில் ஓரிடம் உடைந்திருந்தால், அதே குறை ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை திரும்ப வரும். ஆனால், தட்டிய வேகமும் சாயத்தின் அளவும் ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஓர் அச்சு அடர்த்தியாகவும் அடுத்தது சற்று மங்கலாகவும் இருக்கும். வடிவம் மாறாது, அழுத்தம் மாறும். இதுதான் மனிதக் கை தட்டியதற்கான சான்று. இயந்திர அச்சில் இரண்டுமே மாறுவதில்லை.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். பாத்தேக்கிலும் அச்சு உண்டு. 'பாத்தேக் சாப்' என்ற வகையில், உலோக அச்சைச் சூடான மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றுவார்கள். அதிலும் வடிவம் திரும்பத் திரும்ப வரும். அப்படியானால் இதையும் கட்டை அச்சையும் எப்படிப் பிரித்தறிவது? அச்சு எதை வைத்தது என்று பாருங்கள். உலோக அச்சு வைத்தது மெழுகை. எனவே, அது தொட்ட இடம் சாயம் ஏறாமல் வெளிறியிருக்கும். பின்பக்கமும் தெளிவாக இருக்கும். மரக்கட்டை வைத்தது சாயத்தை, எனவே, அது தொட்ட இடம் நிறத்துடன் இருக்கும், பின்பக்கம் மங்கியிருக்கும்.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. குஜராத்தின் கச்சுப் பகுதியில் செய்யப்படும் 'அஜ்ரக்' துணிகள் சிலவற்றை இருபக்கமும் அச்சிடுகிறார்கள். பக்ருவில் களிமண்ணும் சுண்ணாம்பும் பிசினும் கலந்த குழம்பைக் கட்டையால் ஒற்றி, பிறகு துணியை அவுரிச் சாயத்தில் முக்குவதும் உண்டு. அதில் மண்தான் சாயத்தைத் தடுக்கிறது. அத்துணிகளின் பின்பக்கம் நம்மை ஏமாற்றலாம். அப்போதும் கட்டையின் எல்லைக் கோடு உதவிக்கு வரும்.

நான்காவது துணி: நூலிலேயே இருந்த புள்ளி

'இக்காட்' என்ற சொல்லின் பொருளை மலாய்மொழி அறிந்த நீங்கள் எளிதில் ஊகிக்கலாம். அது 'கட்டு' என்னும் பொருளுடைய சொல். ஆனால், இங்கே கட்டப்படுவது துணி அன்று, நூல்.

துணியில் இரண்டு வகை நூல்கள் உள்ளன. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுவது பாவு நூல். அதன் குறுக்கே ஓடுவது ஊடை நூல். சரவாக்கின் ஈபான் பெண்கள் நெய்யும் 'புவா கும்பு' துணியில், பாவு நூல்களைச் சட்டத்தில் கட்டி, அவற்றைச் சிறு சிறு கற்றைகளாகச் சேர்த்து, சாயம் படக்கூடாத இடங்களை நாரால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பிறகு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். வேறு நிறம் வேண்டுமானால் சில கட்டுகளை அவிழ்த்து மீண்டும் முக்குகிறார்கள். எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்த பின்னரே நெசவு தொடங்குகிறது. அதாவது, நெய்வதற்கு முன்பே கோலம் முழுவதும் நூலில் தயாராக இருக்கிறது.

இனி, நம் நான்காவது துணியின் புள்ளியைப் பார்ப்போம். அதன் ஓரம் கத்தரித்ததுபோல இருக்காது. இறகின் நுனிபோல மங்கிக் கலைந்திருக்கும். காரணம் எளிது. நெய்யும்போது நூல்கள் ஒன்றோடொன்று சற்று முன்னும் பின்னும் நகர்ந்துவிடுகின்றன. கட்டின் விளிம்பில் சிறிது சாயமும் கசிந்திருக்கும். ஆகவே, பக்கத்துப் பக்கத்து நூல்களின் வெள்ளைப் பகுதிகள் சரியாக ஒரே கோட்டில் வந்து சேர்வதில்லை.

அந்தக் கலைவு எல்லாத் திசையிலும் இருக்காது என்பது கவனிக்கத்தக்கது. பாவு நூலில் கட்டியிருந்தால் கலைவு துணியின் நீளவாக்கில் இருக்கும். ஊடை நூலில் கட்டியிருந்தால் அது குறுக்குவாக்கில் இருக்கும். குஜராத்தின் பாட்டன் நகரில் நெய்யும் 'பட்டோலா' பட்டில் பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமேற்றுகிறார்கள். இரண்டு நூல்களிலும் உள்ள வண்ணங்கள் தறியில் சரியான இடத்தில் சந்திக்க வேண்டும். அதனால் ஒரு சேலையை முடிக்கப் பல மாதங்கள் ஆகும்.

இக்காட்டில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல இருக்கும். பாத்தேக்கிலும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவற்றைப் பிரித்தறிய ஓர் உறுதியான வழி இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியோ கைப்பேசியின் படக்கருவியோ இருந்தால் போதும். வெள்ளைப் புள்ளிக்குள் பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியே பாருங்கள். பாத்தேக், முடிச்சுச் சாயம், கட்டை அச்சு ஆகிய மூன்றும் நெய்து முடித்த துணியில் செய்யப்பட்டவை. எனவே, புள்ளிக்குள் இரண்டு நூல்களும் வெள்ளையாக இருக்கும். புள்ளிக்கு வெளியே இரண்டும் நீலமாக இருக்கும். பாவு நூலை மட்டும் கட்டிய இக்காட்டிலோ பாவு நூல்தான் நிறம் மாறும். அதன் குறுக்கே செல்லும் ஊடை நூல் புள்ளிக்குள்ளும் வெளியிலும் ஒரே நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இக்காட்டின் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் தூய வெள்ளையாக இல்லாமல் சற்று நீலம் கலந்ததுபோலத் தோன்றும். பட்டோலாவைப்போலப் பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமேற்றிய துணிகளில் மட்டும் இரண்டு நூல்களும் நிறம் மாறும்.

மங்கலான ஓரத்தை அப்படியே படமெடுத்து இயந்திரத்தில் அச்சிட்ட போலி இக்காட்டுகள் கடைகளில் நிறைய உள்ளன. ஓரத்தை மட்டும் பார்ப்பவர் அதில் ஏமாறலாம். ஊடை நூலைப் பார்ப்பவர் ஏமாறுவது அரிது.

ஒரு கடையில் நடந்த சோதனை

கற்றதைப் பயன்படுத்திப் பார்ப்போம். ஒரு மாணவி தன் தாயாருடன் துணிக்கடைக்குச் செல்கிறாள். ஓய்வுபெறும் ஆசிரியைக்குப் பரிசளிக்க, வகுப்பு மாணவர்கள் சேர்ந்து 180 ரிங்கிட் திரட்டியிருக்கிறார்கள். கடையில் நீலத் துணி ஒன்று கண்ணைக் கவர்கிறது. வெள்ளைப் புள்ளிகள், செம்பருத்திப் பூக்கள், அவற்றின்மேல் அழகிய வெடிப்புக் கோடுகள். சீட்டில் 'கையால் வரைந்த பாத்தேக், 180 ரிங்கிட்' என்று எழுதியிருக்கிறது.

"அண்ணே, இதை விரித்துப் பார்க்கலாமா?" என்று மாணவி கேட்கிறாள்.

"தாராளமாகப் பார், தங்கச்சி," என்கிறார் கடைக்காரர்.

முதலில் அவள் துணியைத் திருப்புகிறாள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட வெளிறியிருக்கிறது. இது ஐயத்தை எழுப்புகிறது. ஆனாலும், அவள் உடனே முடிவு செய்யவில்லை. அடுத்து, ஒரு பூவின்மேல் மரக்கிளைபோலப் பிரிந்திருந்த வெடிப்புக் கோடு ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு, துணியின் நீளவாக்கில் தேடிச் செல்கிறாள். சிறிது தொலைவில் அதே பூ வருகிறது. அதன்மேல் அதே கிளை, அதே இடத்தில்! கடைக்காரரின் அளவுநாடாவை வாங்கி அளக்கிறாள். 64 செண்டிமீட்டர். அங்கிருந்து இன்னொரு 64 செண்டிமீட்டர் தள்ளி மூன்றாவது முறையும் அதே வெடிப்பு இருக்கிறது.

மெழுகு உடையும்போது ஒருமுறை உடைந்ததுபோல மறுமுறை உடைவதில்லை. பூ திரும்ப வரலாம். வெடிப்பு திரும்ப வர வழியில்லை. துணி அச்சிடும் உருளைகள் பலவற்றின் சுற்றளவு 64 செண்டிமீட்டர். உருளை ஒருமுறை சுழன்றதும் அதே படம் மீண்டும் விழுகிறது.

கடைசியாக, துணியின் வெட்டு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நூல் ஒன்றைக் கடைக்காரரின் அனுமதியுடன் உருவிப் பார்க்கிறாள். அந்நூலின் ஒரு பக்கம் நீலமாகவும், அடிப்பக்கம் வெள்ளைத் திட்டுகளுடனும் இருக்கிறது. சாயம் நூலுக்குள் முழுமையாக இறங்கவில்லை. மூன்று சான்றுகளும் ஒன்றையே சொல்கின்றன: இது இயந்திர அச்சு.

கடைக்காரர் அந்த வெடிப்புகளை ஒன்றுக்கு மூன்று முறை பார்க்கிறார். "மொத்த வியாபாரி சொன்ன பெயரைத்தான் அக்கா எழுதி வைத்தேன். நானே இதை அளந்து பார்த்ததில்லை," என்று தாயாரிடம் கூறிவிட்டு, அந்தச் சீட்டைக் கழற்றுகிறார். பிறகு உள்ளேயிருந்து வேறொரு துணியை எடுத்துவந்து விரிக்கிறார்.

அதில் வெடிப்புகள் இல்லை. புள்ளிகளும் ஒரே அளவில் இல்லை. ஓர் இலையின் ஓரத்தில் பச்சை வண்ணம் அரை விரல் அளவு வெளியே கசிந்திருக்கிறது. தாயார் முகத்தைச் சுளித்து, "இதில் குறை இருக்கிறதே, அம்மா!" என்கிறார். மாணவி துணியைத் திருப்புகிறாள். பின்பக்கத்திலும் அதே இலை, அதே தெளிவு, அதே கசிவு. அவள் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, "வரைந்தவரின் கை இந்த இடத்தில் ஒரு நொடி தூக்கியிருக்கிறது, அம்மா. இதைத்தான் வாங்க வேண்டும்," என்கிறாள்.

இயந்திர அச்சுத் துணியை வாங்குவது தவறன்று. அது விலை மலிவானது. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றது. ஆனால், அதற்கு அதற்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். முடிச்சு இட்டவருக்கும் மெழுகு வரைந்தவருக்கும் சேர வேண்டிய பணம், அவர்கள் தொடாத துணிக்குப் போய்விடக்கூடாது.

இன்று வீட்டிற்குச் சென்றதும் அலமாரியிலிருந்து பூவோ புள்ளியோ உள்ள ஒரு துணியை எடுங்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். புள்ளியின் ஓரத்தைப் பாருங்கள். அதே வடிவம் எவ்வளவு தொலைவில் திரும்ப வருகிறது என்று அளந்து பாருங்கள். பாவும் ஊடையும் எங்கே நிறம் மாறுகின்றன என்று பாருங்கள். அது பாட்டியின் சேலையாக இருந்தால், அதை எங்கே வாங்கினார் என்று அவரிடமே கேளுங்கள். பாட்டி சொல்லும் கதையும் துணி சொல்லும் கதையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.